ஐந்து பெட்டி காணாது: ஒரு சின்னக் குசினியின் கணக்கு

குசினியைத் திருத்த எவ்வளவு முடியும் என்று கேட்டால் எங்கட ஊரில் எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கும். "ரெண்டு முடியும்" என்பார் ஒருவர். "என்ன கதை, நாலுக்குக் குறையாது" என்பார் இன்னொருவர். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டால்தான் பதில் வராது.

எங்களுக்கு அந்தப் பதில் வேணும். கையில் இருந்தது அம்மாவின் சீட்டுக்காசு மூன்று லட்சம். அதற்கு மேலே கடன் வாங்குவதில்லை என்று பிள்ளைகள் மூன்று பேரும் முடிவெடுத்திருந்தோம். பாதி வேலையில் காசு முடிந்தால் உடைத்த குசினி அப்படியே கிடக்கும், அம்மா விறாந்தையில் அடுப்பு வைத்துக்கொண்டு இருப்பா. அதனால் ஆட்களிடம் தொகை கேட்பதை விட்டுவிட்டு அளவுநாடாவை எடுத்தோம்.

குசினி 10 அடிக்கு 8 அடி. இரண்டு சுவரை ஒட்டி ‘ட’ வடிவில் சீமெந்துத் தட்டு. தரைக்கு டைல், தட்டுக்கு மேலே இரண்டடி உயரத்துக்குச் சுவர் டைல், புதுச் சிங்க், தண்ணிக் குழாய், இரண்டு பிளக், சுவருக்குப் பெயின்ற். கபேட் கதவுகளைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தோம்.

முதலில் தரை. கடையில் கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்தது. "எண்பது சதுர அடி. ஒரு டைல் ரெண்டுக்கு ரெண்டு, பெட்டிக்கு நாலு. அஞ்சு பெட்டி காணும் தம்பி." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ரெண்டடி’ என்று விற்கிற டைல் உண்மையில் 60 சென்ரிமீற்றர். இரண்டடி என்றால் கிட்டத்தட்ட 61. ஒரு டைலில் அந்த வித்தியாசம் தெரியாது. ஐந்து டைலை வரிசையாக வைத்தால் 10 அடிச் சுவருக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் குறையும். 8 அடிப் பக்கம் 4 சென்ரிமீற்றர் குறையும். இடைவெளிக்குப் பூசுகிற கிறவுட் அதில் கொஞ்சத்தைத்தான் பிடிக்கும். மீதிக்கு ஒரு மெல்லிய கீற்று வெட்டி வைக்கத்தான் வேணும்.

அந்தக் கீற்று எங்கே விழவேண்டும் என்பதில்தான் காசு இருக்கிறது. நடுவிலிருந்து தொடங்கி நாலு பக்கமும் ஒரே அளவாக வெட்டினால் பார்க்க வடிவு. ஆனால் ஓரத்துண்டு ஒவ்வொன்றும் 32 சென்ரிமீற்றர் வரும். ஒரு டைலில் அப்படி இரண்டு எடுக்கேலாது. கட்டம்போட்ட கொப்பியில் கீறி எண்ணினோம், 30 டைல் வந்தது. வாசலில் முழு டைலாகத் தொடங்கி, கீற்றுகளைத் தட்டுக்குக் கீழே தள்ளினால் 20 முழு டைல், கீற்றுக்கு இரண்டு. மெல்லிய கீற்று வெட்டும்போது வெடிக்கும், அதனால்தான் இரண்டு. தட்டு இல்லாத இரண்டு சுவர் ஓரமும், வாசலைக் கழித்து 15 அடிக்கு, நாலு அங்குலப் பட்டி வைக்க இன்னும் இரண்டு. மொத்தம் 24, சரியாக ஆறு பெட்டி. ஒரு டைல் உடைந்தாலும் வேலை நின்றுவிடும். பிறகு வாங்கப் போனால் அதே நிறம் கிடைக்குமென்றும் இல்லை, ஒவ்வொரு தடவை உற்பத்தியிலும் நிறம் கொஞ்சம் மாறும். ஆகவே ஏழு பெட்டி. திறக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்று காசு கொடுக்க முதலே கேட்டு, பில்லில் எழுதுவித்தோம்.

சேதாரத்துக்குப் பத்து வீதம் கூட்டுங்கோ என்று பொதுவாகச் சொல்வார்கள். சுவருக்கு வாங்கிய சின்ன டைலுக்கு அது காணும். சின்ன அறையில் பெரிய டைல் என்றால் வீதம் உதவாது, கீறி எண்ணத்தான் வேணும்.

அடுத்தது கூலி. நாள் சம்பளமா, கொன்ட்ராக்டா என்று வீட்டில் பெரிய விவாதம். கடைசியில் வேலையையே இரண்டாகப் பிரித்தோம். டைல் பதிப்பது அளந்து சொல்லக்கூடிய வேலை, அதைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினோம். உடைப்பு, பூச்சு, தரை மட்டம் எடுப்பது எல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வேலை. அதைக் கொன்ட்ராக்டாகக் கேட்டால் மேசன் தன் பயத்தையும் விலையில் சேர்த்துத்தான் சொல்லுவார். அதனால் அதற்கு நாள் சம்பளம். எங்களுக்குச் சொன்ன கூலி மேசனுக்கு 4,500, கையாளுக்கு 3,200. ஆக ஒரு நாள் 7,700. அதற்குப் பிறகு எந்தத் தாமதத்தையும் அந்த 7,700ஆல்தான் அளந்தோம். மணல் பத்து மணிக்கு வந்தால் கால்வாசி நாள் போச்சு, ஏறத்தாழ 1,900 ரூபா. மணலும் சீமெந்தும் முதல்நாள் பின்னேரமே முற்றத்தில் இறங்கவேணும் என்று நின்றது இதனால்தான்.

சாமான் எல்லாம் கூட்ட 152,000 வந்தது. கூலி, வயரிங்காரர், பைப்காரர், உடைத்த கல்லு மண்ணை ஏற்ற உழவு இயந்திரம் எல்லாம் 93,000. மொத்தம் 245,000. மிச்சம் 55,000. இது மிச்சமில்லை, எதிர்பாராத திருத்தத்துக்கான காசு என்று தனிக் கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்தோம். நல்ல சிங்க் ஒன்றைக் கண்டு தம்பிக்கு ஆசை வந்தபோதும் அந்தக் கவர் திறக்கவில்லை.

எதிர்பாராதது என்று சொன்னாலும் பாதியை முன்னமே கண்டுபிடிக்கலாம். இரவு மோட்டரை நிற்பாட்டி, எல்லாப் பைப்பையும் பூட்டி, தண்ணித் தாங்கியில் மட்டத்தைக் கோடு போட்டு வைத்தோம். விடிய இரண்டு விரல் இறங்கியிருந்தது. அடுத்த இரவு குசினிக்குப் போகிற வால்வையும் பூட்டினோம், மட்டம் இறங்கவில்லை. ஒழுக்கு குசினிக்குள்ளேதான். பிறகு சீமெந்துத் தட்டின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தோம். நல்ல கொங்கிறீற் கணீரென்று கேட்கும். சிங்க் பக்கம் பொக்கென்று கேட்டது. கம்பி போகிற திசையிலேயே மண்ணிறக் கோடும் வெடிப்பும் இருந்தன. சிங்க் ஓரத்தால் வருடக்கணக்காகத் தண்ணி இறங்கி உள்ளே கம்பி கறள் பிடித்திருக்கிறது. கறள் பிடித்தால் கம்பி ஊதும், ஊதினால் கொங்கிறீற்றைத் தள்ளி உடைக்கும். மேலால் பூசி மறைத்தால் அடுத்த மாரிக்குள் திரும்ப வெடிக்கும்.

அதனால்தான் முதலில் உடைப்பு, பிறகுதான் டைல் வாங்குவது என்று ஒழுங்கை வைத்தோம். உடைத்தபோது ஆறடி நீளத் தட்டில் கம்பி பாதி தேய்ந்துபோயிருந்தது. அந்தத் துண்டைக் கழற்றி, புதுக் கம்பி கட்டிக் கொங்கிறீற் போட மூன்று நாள் கூலியும் சாமானும் 38,000. கறள் பிடித்த பழைய இரும்புக் குழாயை மாற்ற 9,000. கவரிலிருந்து 47,000 போனது, 8,000 திரும்பி வந்தது. தட்டு இறுகும்வரை ஒரு கிழமை சாக்குப் போட்டுத் தண்ணி ஊற்றினோம். அந்த நாட்களில் ஆள் வராததால் கூலியும் ஓடவில்லை.

எங்கட விலைகளை அப்படியே எடுக்காதீர்கள், உங்கட ஊரில் கேட்டு மாற்றுங்கள். எடுக்கவேண்டியது ஒழுங்கைத்தான்: தட்டிப் பாருங்கள், தாங்கியில் கோடு போடுங்கள், உடையுங்கள், கீறி எண்ணுங்கள், அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள். கடையில் அஞ்சு பெட்டி காணும் என்று சொன்னால் கொப்பியை விரித்துக் காட்டுங்கள்.