அனுமதி வாங்கியாச்சு, பெயரை எப்படிப் போடுவது?



நம்ம ஊரில் வீட்டிலிருந்தே தைக்கிற, கேக் செய்கிற, அபாயா விற்கிற பிள்ளைகள் பலர் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பேஜ் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். வாடிக்கையாளர் அனுப்பும் படத்தைக் கேட்காமல் போடக்கூடாது என்பது இப்போது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். கேட்ட பிறகு அந்தப் படத்தின் கீழே யாருடைய பெயரை, எப்படி எழுதுவது என்பதில்தான் மனஸ்தாபம் வருகிறது. இந்தப் பெருநாளைக்கு நடந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்கிறேன். சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை சிறுமிகளுக்கு ஃப்ரொக் தைத்து விற்கிறாள். பெருநாள் முடிந்த அடுத்த நாள் ஒரு தாய் தன் மகள் அந்த ஃப்ரொக்கோடு நிற்கிற படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அழகான படம். இவள் "ராத்தா, பேஜ்ல போடலாமா?" என்று கேட்டாள். "ஓ, போடுங்க" என்று பதில் வந்தது. இவளும் தாயின் முழுப் பெயரை டேக் செய்து, மகளின் பெயரையும் எழுதி, "எங்கட குட்டி மொடல், நன்றி ராத்தா" என்று போட்டுவிட்டாள்.

அன்று இரவே இரண்டு பிரச்சினை. படத்தை எடுத்தது தாயின் தம்பி. அவர் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர், தனக்கென்று ஒரு பேஜும் வைத்திருக்கிறார். "என்ட படம், என்ட பெயர் எங்க?" என்று கொமென்ட்டில் கேட்டுவிட்டார். அடுத்தது, தெரியாத ஆட்கள் அந்தத் தாயின் இன்பொக்ஸில் விலை கேட்கத் தொடங்கினார்கள். அவர் கணவருக்கு அது பிடிக்கவில்லை. கேட்டுத்தான் போட்டது, ஆனால் மூன்று பேருக்கும் சங்கடம்.

காரணம் சின்னதுதான். "போடலாமா?" என்ற கேள்விக்குள்ளே உண்மையில் மூன்று கேள்வி இருக்கிறது: படம் யாருடையது, எங்கே எல்லாம் போடலாம், பெயரை எப்படிச் சொல்லலாம். அவள் கேட்டது ஒன்று. ராத்தா பதில் சொன்னதும் அந்த ஒன்றுக்குத்தான்.

முதலில், படம் யாருடையது? படத்தில் நிற்பவரும் அனுப்பியவரும் எடுத்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் ஒரு படைப்பாகத்தான் பார்க்கிறது. அதை எடுத்தவருக்குத் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. பெயர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டு. ஆகவே அந்த ராத்தாவின் "ஓ" மகளின் முகத்துக்கான சம்மதம். தம்பியின் படத்துக்கான சம்மதத்தை அவரிடமே கேட்க வேண்டும். ராத்தா மூலமாகக் கேட்டாலும் சரி.

இரண்டாவது, எங்கே போடுவது? பேஜில் ஒரு போஸ்ட்டாகப் போடுவது வேறு, அதையே காசு கட்டி பூஸ்ட் செய்வது வேறு. பூஸ்ட் செய்தால் பேஜைப் பார்த்தே இராத ஆட்களின் கையிலெல்லாம் அந்தப் பிள்ளையின் முகம் போகும். முதலாவதுக்குச் சம்மதித்தவர் இரண்டாவதுக்கும் சம்மதித்தார் என்று எடுக்க முடியாது.

மூன்றாவதுதான் இந்தப் பதிவின் விஷயம். பெயர் போடுவது எப்போதும் மரியாதை என்று நாம் நினைக்கிறோம். அந்தத் தம்பிக்கு அது மரியாதை, தொழிலும் கூட. அவருடைய பெயரைத் தொட்டால் அவர் பேஜுக்குப் போக வேண்டும். அந்த ராத்தாவுக்கோ பெயர் வந்ததே தொந்தரவு. ஒரே படத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும், இன்னொருவரைப் பெயர் சொல்லாமல் நன்றி சொல்ல வேண்டும். கேட்காமல் இது தெரியவே தெரியாது.

இப்போது அவள் அனுப்பும் மெசேஜ் இது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

"அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. மகள்ர படம் மாஷா அல்லாஹ் வடிவா இருக்கு. எங்கட முகநூல் பேஜ்லயும் இன்ஸ்டாவிலயும் போட விருப்பம். காசு கட்டி விளம்பரமா போட மாட்டம். படம் எடுத்தது யாரு, அவங்கட்டயும் ஒருக்கா கேட்டுச் சொல்றீங்களா? உங்கட பெயர டேக் பண்ணவா, சும்மா எழுதவா, இல்லாட்டி பெயரே வேணாமா? மகள்ர பெயர் போட மாட்டம். பிறகு எடுக்கச் சொன்னா உடனே எடுத்திடுவம்."

பதில் வந்ததும் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்கிறாள். ஆறு மாதம் கழித்து யார் என்ன சொன்னார்கள் என்பது இருவருக்குமே மறந்துவிடும்.

அந்தப் போஸ்ட்டை அழிக்க வேண்டி வரவில்லை. கெப்ஷனையும் டேக்கையும் பிறகும் திருத்தலாம். அவள் திருத்தி எழுதியது இப்படி:

"படம்: @……
உடுத்திருப்பது எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள். அனுமதியோடு பகிர்கிறோம்.
ஃப்ரொக் எங்கள் தையல். அளவு 5 வயதுக்கு."

தம்பியின் பெயர் முதல் வரியில் இருப்பதைக் கவனியுங்கள். நீளமான கெப்ஷனை ஃபோன் பாதியில் வெட்டிவிடும். தொட்டு விரித்தால்தான் மீதி தெரியும். விலை, டெலிவரி, ஹேஷ்டேக் எல்லாவற்றுக்கும் கீழே பெயரைப் போட்டால் பார்க்கிறவர்களில் அநேகம் பேர் அதுவரை போகவே மாட்டார்கள். கொமென்ட்டில் போட்டால் அதுவும் மற்றக் கொமென்ட்டுகளுக்குள் மறைந்துவிடும். இன்ஸ்டாவில் படத்தின் மேலே மட்டும் டேக் செய்வதும் போதாது. படத்தைத் தொட்டால்தான் அது தெரியும், தொடாமல் போகிறவருக்கு அது இல்லாத மாதிரிதான். கெப்ஷனில் எழுதிவிட்டு, மேலதிகமாக டேக்கும் செய்யலாம். போட்டதும் வேறொரு ஃபோனிலிருந்து அந்தப் பெயரைத் தொட்டுப் பாருங்கள். எழுத்து ஒன்று மாறினாலும் வேறு யாருடைய பக்கத்துக்கோ போகும். லிங்க் வேலை செய்யாவிட்டால் பெயரைச் சாதாரண எழுத்தில் எழுதுங்கள்.

"நன்றி: வாட்ஸ்அப்", "நன்றி: முகநூல்" என்று எழுதுவதில் யாருக்கும் நன்றி போய்ச் சேராது. கடிதம் கொண்டுவந்த தபால்காரரைக் கடிதம் எழுதியவர் என்று சொல்வது மாதிரி அது. "படம் எடுத்தவருக்கு நன்றி" என்பதும் அப்படித்தான். எடுத்தவர் யாரென்று தெரியவில்லை என்றால் தெரியும் வரை படத்தைப் போடாமல் இருப்பதுதான் சரி. படத்தின் மூலையில் எடுத்தவரின் பெயர் இருந்தால் அதை வெட்டிவிட்டு நம்ம லோகோவை ஒட்டுவது இன்னும் மோசம். கீழே பெயர் எழுதினாலும் அந்த வெட்டு சரியாகாது.

எடுக்கச் சொல்லிக் கேட்டால் "உடனே எடுத்திடுவம்" என்ற வாக்கைக் காப்பாற்றுவதிலும் கவனம் வேண்டும். போஸ்ட்டை மட்டும் அழித்தால் போதாது. இன்ஸ்டாவில் ஹைலைட்டாகச் சேர்த்து வைத்த ஸ்டோரி அப்படியே இருக்கும். விலைப்பட்டியல் படத்திலும் அதே பிள்ளை இருக்கலாம். அதே நேரம், மற்றவர்கள் சேமித்து வைத்ததை நம்மால் அழிக்க முடியாது. இதையும் அந்தத் தாயிடம் முன்னமே சொல்லிவிடுவது நேர்மை.

வாடிக்கையாளர் தந்த படம் நம்ம கையில் இருக்கிற அமானிதம். அந்தத் தம்பி இப்போது அவளுடைய அடுத்த டிசைன்களைத் தானே படம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ராத்தா ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் ஓடர் கொடுத்துவிட்டார், படம் அனுப்புவேன், பெயர் மட்டும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

பேஜ் வைத்திருக்கிற பிள்ளைகள் உங்கள் கடைசிப் பத்துப் போஸ்ட்டையும் இன்றைக்கு ஒருதரம் திறந்து பாருங்கள். எடுத்தவர் பெயர் இல்லாததும், பெயர் வேண்டாதவர் பெயர் இருப்பதும் கண்ணில் படும். இரண்டையும் ஃபோனிலேயே திருத்தலாம்.