பத்தொன்பது நாள் விடுப்பு

அறந்தாங்கி, 27.05.2024, திங்கள்

எங்கள் பிரிவு இளநிலை உதவியாளர் விடுப்பு விண்ணப்பத்தோடு வந்து நின்றார். அம்மாவுக்குத் தஞ்சாவூரில் முழங்கால் அறுவை சிகிச்சை. “மேடம், புதுக்கோட்டையில தெரிஞ்சவர் இருக்கார். நேரா அங்கயே கொடுத்திடட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். அலுவலகத் தலைவரின் குறிப்புரை இல்லாமல் போகும் விண்ணப்பம் அதே வேகத்தில் இங்கேதான் திரும்பி வரும்.

விண்ணப்பத்தில் 08.06 முதல் 30.06 வரை 23 நாட்கள் ஈட்டிய விடுப்பு என்று எழுதியிருந்தார். காலண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எட்டும் ஒன்பதும் சனி, ஞாயிறு. இருபத்தொன்பதும் முப்பதும் அப்படியே. அந்த நான்கு நாட்களை முன்னிணைப்பு, பின்னிணைப்பாக அனுபவிக்க அனுமதி கேட்டால் விடுப்புக் கணக்கில் கழியாது. இடையில் வரும் சனி ஞாயிறும் பதினேழாம் தேதி பக்ரீத்தும் மட்டும் கழியத்தான் செய்யும். ஆக 10.06 முதல் 28.06 முடிய 19 நாட்கள். அரையாண்டுக்குப் பதினைந்து நாட்களாகச் சேருகிற விடுப்பில் நான்கு நாட்களை ஏன் வீணாக விட வேண்டும்? திருத்தி எழுதி, விடுப்புக்கால முகவரியும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னேன்.

28.05.2024, செவ்வாய்

பணிப்பதிவேட்டை எடுத்து விடுப்புக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். இருப்பு 64 நாட்கள். அதன் பிறகே முகப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

பல வருடங்களுக்கு முன் அப்பாவின் சிகிச்சைக்காக நான் கொடுத்த விண்ணப்பத்தை ஓர் அலுவலகத்தில் “மேலனுப்பப்படுகிறது” என்ற ஒற்றை வரியோடு அனுப்பினார்கள். இருப்பு எவ்வளவு, வேலையை யார் பார்ப்பார் என்று கேட்டுத் திரும்பி வந்தது. பதில் போய் ஆணை வருவதற்குள் அப்பாவுக்கு அறுவை சிகிச்சையே முடிந்துவிட்டது. அந்த வலி இன்றும் ஆறவில்லை. அதனால் மேலே என்ன கேட்பார்கள் என்று யோசித்து, பதிலை முன்கூட்டியே எழுதிவிடுவேன்:

“பார்வையில் காணும் விண்ணப்பம் இத்துடன் இணைத்துப் பணிந்து அனுப்பப்படுகிறது. அன்னாரது கணக்கில் 64 நாட்கள் ஈட்டிய விடுப்பு இருப்பில் உள்ளது, பணிப்பதிவேட்டுடன் சரிபார்க்கப்பட்டது. விடுப்புக் காலத்தில் அவரது பணிகளைப் பிரிவு உதவியாளர் கூடுதலாகக் கவனிப்பார். மாற்றுப் பணியாளர் தேவையில்லை. 08.06, 09.06 ஆகிய நாட்களை முன்னிணைப்பாகவும் 29.06, 30.06 ஆகிய நாட்களைப் பின்னிணைப்பாகவும் அனுபவிக்க அனுமதித்து, விடுப்பு வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.”

“மாற்றுப் பணியாளர் தேவையில்லை” என்ற வரியை எழுதுமுன் பிரிவு உதவியாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “பார்த்துக்கிறேன் மேடம்” என்றார். அவர் சம்மதிக்காமல் அதை எழுதியிருக்க மாட்டேன்.

அலுவலர் கையெழுத்திட்டார். மாலைத் தபாலில் கடிதம் போனது.

05.06.2024, புதன்

ஆணை வந்துவிட்டது. நிலுவைக் கோப்புகளைப் பட்டியல் போட்டு ஒப்படைக்கச் சொன்னேன்.

07.06.2024, வெள்ளி

பதினொரு கோப்புகள். ஒவ்வொன்றின் மேலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார். அலுவலகம் முடிந்ததும் தஞ்சாவூர் பேருந்துக்குக் கிளம்பிவிட்டார். ஜூலை முதல் தேதி, திங்கள், முற்பகலில் பணியேற்க வேண்டும்.