மூன்று வேகங்கள்

வாயு மூலக்கூறுகளின் வேகத்தைப் பற்றி வகுப்பெடுக்கும் போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சராசரி என்று ஒன்று இருந்தால் போதாதா, எதற்கு மூன்று வேகங்கள்?" எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு, கரும்பலகையில் ஐந்து மூலக்கூறுகளின் வேகங்களை எழுதுவேன்: 200, 400, 400, 500, 700 மீ/வி.

அதிகம் பேருக்கு உள்ள வேகம் 400. கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 440. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 469. வர்க்கப்படுத்தும்போது 700-இன் எடை கூடிவிடுகிறது. அதனால்தான் கடைசி எண் பெரியது.

உண்மையான வாயுவில் இந்தப் பரவலை 1860-இல் மேக்ஸ்வெல் கண்டறிந்தார். வேகம் v உள்ள மூலக்கூறுகளின் பங்கு v² e^(−mv²/2kT) என்பதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். v² ஏறுகிறது, அடுக்குக்குறிப் பகுதி இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு முகடு. வகைக்கெழுவைச் சுழியாக்கினால் அந்த முகடு √(2RT/M) என்று கிடைக்கும். இதுவே மிகவும் சாத்தியமான வேகம். பரவலைத் தொகையிட்டால் சராசரி வேகம் √(8RT/πM), சராசரி இருமடி மூல வேகம் √(3RT/M). வலப்பக்கம் நீளும் வால்தான் பின்னிரண்டையும் முகட்டுக்கு அப்பால் இழுக்கிறது.

300 K-இல் நைட்ரஜனுக்கு M = 0.028 கி.கி./மோல் என்று போட்டால் 422, 476, 517 மீ/வி வரும். நைட்ரஜனுக்கு 16 மீ/வி போன்ற விடை வந்தால், M-ஐ கிராமில் போட்டுவிட்டார்கள் என்று உடனே தெரிந்துவிடும். எந்த வாயுவானாலும் மூன்றின் விகிதம் 1 : 1.128 : 1.225 தான், விடையைச் சரிபார்க்க இதுவும் உதவும்.

எதை எங்கே பயன்படுத்துவது? அழுத்தமும் ஆற்றலும் v²-ஐச் சார்ந்தவை. அங்கே இருமடி மூல வேகம். சுவரில் நொடிக்கு எத்தனை மூலக்கூறுகள் மோதுகின்றன என்பதற்குச் சராசரி வேகம்.

1920-இல் ஓட்டோ ஸ்டெர்ன் வெள்ளி அணுக்கற்றையின் வேகத்தை அளந்தபோது, வாயுவுக்குரிய இருமடி மூல வேகத்தைவிடக் கூடுதலான மதிப்பே கிடைத்தது. காரணத்தைச் சுட்டிக்காட்டியவர் ஐன்ஸ்டீன். துளை வழியே வேகமான அணுக்களே அடிக்கடி வெளியேறும்; எனவே கற்றையில் v² அல்ல, v³ வரவேண்டும். அப்படியானால் கற்றையின் முகடே √(3RT/M)-க்கு நகர்ந்துவிடுகிறது, அதன் இருமடி மூல வேகமோ √(4RT/M) ஆகிறது.

ஆகவே "வேகம் என்ன?" என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, "எதை அளக்கப் போகிறீர்கள்?" என்பதைத்தான். அழுத்தமா, மோதலா, கற்றையா என்று தெரிந்தபின் சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது.