வெண்ணெயும் பாலும் இன்றி ஒரு கேக்

பெருநாள் மாலையில் கேக் துண்டுகள் அடுக்கிய தட்டு வலம் வரும்போது, ஒரு குழந்தை மட்டும் கை நீட்டாமல் ஒதுங்கி நிற்பதை நீங்கள் கண்டதுண்டா? என் தங்கையின் பேரன் அத்தகையவன். பால் சேர்ந்த எதை உண்டாலும் அவனுக்கு உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்பு எழும். அவனும் உண்ணத்தக்க ஒரு கேக்கைத் தேடியதில் நான் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். பாலிலுள்ள சர்க்கரை செரியாமல் வயிறு உப்புவது ஒன்று. பாலிலுள்ள புரதம் உடலுக்கு ஒவ்வாமல் போவது வேறொன்று. இரண்டாவது வகையினருக்கு லாக்டோஸ் நீக்கிய பாலும் உதவாது. வெண்ணெயிலும் நெய்யிலும்கூடப் பால் புரதம் சிறிதளவு தங்கியிருக்கும். கடையில் வாங்கும் சில மார்கரின்களிலும் பால்பொருள் கலந்திருக்கும். உறையைப் படித்தே வாங்க வேண்டும்.

தேங்காய்ப்பாலும் முட்டையும் கொண்டு வட்டிலப்பம் செய்யும் நமக்கு, பசும்பால் இல்லாத இனிப்பு புதிதன்று. எங்கள் வரதராஜன்பேட்டையோ ஆண்டிமடத்தை ஒட்டிய முந்திரிச் சீமை. ஆகவே வெண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெயும், பாலுக்கு முந்திரிப்பாலும் எடுத்துக்கொண்டேன்.

வெண்ணெய் இருந்த இடத்தில் அதே எடை எண்ணெயை ஊற்றினால் கேக்கின் அடிப்பகுதி பிசுபிசுத்து, தாளில் எண்ணெய் ஊறும். ஏனெனில் 100 கிராம் வெண்ணெயில் ஏறத்தாழ 80 கிராமே கொழுப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். தேங்காய் எண்ணெயோ முழுவதும் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் போதும். குறைந்த நீருக்கு ஈடாகப் பாலை 20 மில்லி கூட்ட வேண்டும்.

அடுத்தது காற்று. வெண்ணெயைச் சர்க்கரையோடு குழைக்கும்போது அதனுள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் சிறைப்படும். கேக் உப்புவதற்கு அவை துணைநிற்கும். தேங்காய் எண்ணெய் 24 பாகை வெப்பத்தையொட்டி உருகிவிடும். நம் ஊர் வெயிலில் அது நீராகவே நிற்பதால் குமிழியைப் பிடித்துவைக்காது. அந்தப் பணியை முட்டையிடம் ஒப்படைக்க வேண்டும்.

செய்முறை இதுதான். 50 கிராம் முந்திரியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, 200 மில்லி நீர் விட்டு விழுதாக அரைத்து வடிகட்டுங்கள். அதில் 120 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் மைதா, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது ஏலப்பொடி ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்து வையுங்கள். மூன்று முட்டைகளையும் 150 கிராம் பொடித்த சர்க்கரையையும் வெளுத்துத் தடிக்கும்வரை அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் கலவை நாடாபோல் விழுந்து சற்று நேரம் கலையாமல் நிற்க வேண்டும். பின்னர் 80 கிராம் எண்ணெயை நூல்போல் ஊற்றிக் கலந்து, மாவையும் முந்திரிப்பாலையும் மாறிமாறிச் சேர்த்து மெதுவாகப் புரட்டுங்கள். மாவு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள்; மேலும் கிண்டினால் கேக் ரப்பராகும்.

அடுப்புப்பெட்டியில் 175 பாகையில் 35 முதல் 40 நிமிடம் வேகும். அது இல்லாதோர் கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றிய பின் கேக் தட்டை வளையத்தின்மேல் வைத்து, மீண்டும் மூடி, சிறு தீயில் 45 நிமிடம் வேகவிடலாம். முதல் 25 நிமிடம் மூடியைத் திறவாதீர்கள்.

பால் இல்லாததால் மேற்பரப்பு வழக்கம்போல் சிவக்காது. நிறத்தை எதிர்பார்த்து வேகவிட்டால் உலர்ந்துவிடும். நடுவே குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று கொள்க. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையையும் பாலையும் அப்படியே சேர்த்தால் எண்ணெய் மணிமணியாக உறையும்; அவற்றை முன்னரே வெளியே எடுத்து வையுங்கள். செய்த கேக்கைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் இறுகும். சிறிது நேரம் வெளியே வைத்தால் மீண்டும் மென்மையாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். முந்திரியும் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். அவர்களுக்குத் தேங்காயின் இரண்டாம் பாலைப் பயன்படுத்துங்கள். முதற்பாலில் கொழுப்பு மிகுதி. அதை ஊற்றினால் கேக் கனத்துவிடும். ஆயினும், எந்தப் புதுப் பண்டத்தையும் ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

மற்றொன்று, இதயத்திற்கு இதமென்று எண்ணி இம்மாற்றத்தைச் செய்வோருக்கு. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயில் அது பாதியளவே. இக்கேக் பால் ஒவ்வாதவருக்கு உரியது. கொழுப்பைக் குறைக்க வேண்டியவருக்கு உரியதன்று.