ஏழு பேர் வந்தால்தான் ஆட்டம்

வானொலியில் நன்றி சொல்வது என் தொழிலில் ஒரு பகுதி. நிகழ்ச்சி முடியும்போது, அதை வழங்கிய நிறுவனத்தின் பெயரைப் பத்து விநாடிக்குள் சிரித்த குரலில் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். அதனால்தான் தம்பி வந்து, “அக்கா, எங்க குழுவுக்குக் காசு கொடுத்த ஐயாவுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதித் தா” என்றபோது, இது பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

தம்பி மாசாய் பக்கம் பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் காற்பந்து பயிற்சி கொடுக்கிறான். மொத்தம் 22 பேர். லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஓர் ஐயா இந்தப் பருவத்திற்கு 8,000 வெள்ளி கொடுத்திருந்தார். நான் எழுதிய கடிதத்தில் ‘பேருதவி’ இருந்தது, ‘இளைய தலைமுறையின் கனவு’ இருந்தது, ‘என்றென்றும் கடமைப்பட்டுள்ளோம்’ என்று முடிந்தது. தம்பி படித்துவிட்டுச் சொன்னான்: “நல்லா இருக்கு அக்கா. ஆனா போன வருஷம் வேறொருத்தருக்கு நாங்களும் இப்படித்தான் எழுதினோம். சட்டம் போட்ட சான்றிதழும் கொடுத்தோம். அவர் இந்த வருஷம் போனையே எடுக்கல.”

அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் யார் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்தும். கோயில் திருவிழாவுக்கு அரிசி கொடுத்தவருக்கும் அனுப்பலாம். கொடுத்தவர் மனத்தில் இருப்பது ஒரே கேள்விதான்: என் காசு என்ன ஆனது? அதற்கு அதில் ஒரு வரிகூடப் பதில் இல்லை.

தம்பியிடம் கணக்குப் புத்தகத்தைக் கேட்டேன். ரசீதுகளை மேசையில் பரப்பிவைத்துக் கூட்டினோம். வெளியூர் ஆட்டம் ஆறுக்கும் பேருந்து வாடகை 2,700 வெள்ளி. திடல் வாடகை 1,920. ஜெர்சியும் காலணியும் 1,980. பந்தும் முதலுதவிப் பெட்டியும் 760. ஆக 7,360. மீதம் 640 வெள்ளி குழுவின் வங்கிக் கணக்கில் இருந்தது.

இதை அப்படியே எழுதினால் அது கணக்கறிக்கை, கடிதமாகாது. எனவே ஒவ்வொரு தொகைக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “இது இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்?”

பேருந்துக்கு வந்தபோது தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான். இந்தப் பையன்களில் பாதிப் பேரின் அப்பாக்கள் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். பாலத்தில் நெரிசல் தொடங்குவதற்கு முன் கடக்க வேண்டும் என்பதால் விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார்கள். சனிக்கிழமையும் பலருக்கு வேலை உண்டு. குளுவாங்கில் ஆட்டம் என்றால் பையனைக் கொண்டுபோய் விட வீட்டில் ஆளில்லை. போன பருவத்தில் இரண்டு வெளியூர் ஆட்டங்களுக்கு ஆறே ஆறு பேர்தான் வந்து சேர்ந்தார்கள். பதினொரு பேர் ஆடும் காற்பந்தில், ஒரு குழுவில் ஏழு பேருக்குக் குறைவாக இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது என்பது விதி. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், காத்திருந்தார், எதிரணிக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டார். ஆறு பையன்களும் பந்தைத் தொடாமலே வீடு திரும்பினார்கள். அதில் ஒருவன் அதற்குப் பிறகு பயிற்சிக்கே வரவில்லை.

இந்தப் பருவத்தில் அதே ஆறு வெளியூர் ஆட்டங்கள். ஒன்றுகூடக் கைவிடப்படவில்லை. ஆள் மிகக் குறைந்த நாளிலும் 13 பேர் பேருந்தில் ஏறியிருந்தார்கள். கடிதத்தின் முதல் பத்தியில் இதைத்தான் எழுதினேன்.

அடுத்து காலணி. ஒன்பது பையன்கள் பள்ளிக் காலணியோடு பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள். மழை பெய்த திடலில் அது வழுக்கும். ஓடும் பையன் திரும்ப முடியாமல் விழுவான். ஒரு ஜோடி 110 வெள்ளி வீதம் ஒன்பது ஜோடி வாங்கினோம். யார் யாருக்கு என்று பெயர் எழுதவில்லை. யார் வீட்டில் காசில்லை என்பதை ஊருக்குச் சொல்லும் கடிதமாக அது ஆகிவிடக் கூடாது. படம் ஒன்று இணைத்தோம். அதில் இருந்த ஒவ்வொரு பையனின் பெற்றோரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டோம்.

சிக்கல் மூன்றாவது பத்தியில் வந்தது. ஆடிய பன்னிரண்டில் நான்கில்தான் வெற்றி. “அதை விட்டுடு அக்கா” என்றான் தம்பி. நான் விடவில்லை. ஐயா யாரிடமாவது கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்; தெரிந்த பிறகு நாம் எழுதிய மற்ற வரிகளையும் நம்பமாட்டார். நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி என்று எழுதினோம். பருவத்தின் நடுவில் மூன்று பையன்கள் விலகியதையும், மீதமிருக்கும் 640 வெள்ளியை என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டதையும் சேர்த்தோம்.

அனுப்புவதற்கு முன் ஐயாவின் கணக்காளர், வரிக் கழிவு பெறும் ரசீது கிடைக்குமா என்று கேட்டிருந்தார். குழு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் 1997-இன்படி பதிவு செய்யப்பட்டதுதான். ஆனால் நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்க வருமான வரிச் சட்டப்படி தனி அங்கீகாரம் வேண்டும். பதிவு மட்டும் போதாது. ‘எங்களால் அந்த ரசீது தர முடியாது’ என்று கடிதத்திலேயே தெளிவாகச் சொன்னோம். அதை மழுப்பினால் பின்னால் அவருக்குத்தான் தொல்லை.

அடுத்த பருவத்துக்குக் காசு கேட்கும் வரியை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. நன்றி சொல்லி முடித்த கையோடு கையேந்தினால், சொன்ன நன்றி முன்பணம் போல ஆகிவிடும். ஆதரவு ஆண்டுதோறும் தானாக வரும் என்று எண்ணவும் முடியாது. நம்மவர்களின் எம்.ஐ.எஸ்.சி.-மிஃபா குழு 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு வந்தபோது எவ்வளவு மகிழ்ந்தோம். 2022 பருவம் முடிந்ததும் அது லீக்கிலிருந்து விலகியது. அவ்வளவு பெரிய குழுவுக்கே அந்த நிலைமை என்றால் மாசாய்ப் பையன்கள் எம்மாத்திரம்?

கடிதத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். வானொலிப் பழக்கம் அது. நாக்கு தடுக்கிய இடமெல்லாம் பொய்யான அலங்காரம் இருந்த இடம். அவற்றை வெட்டிய பிறகு ஒரே பக்கத்தில் அடங்கியது. பருவம் முடிந்த இரண்டாவது வாரத்தில் தம்பி கடைக்கே போய்க் கையில் கொடுத்தான்.

மூன்று நாள் கழித்து ஐயா தம்பியை அழைத்தார். தோல்வியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “ஏழு பேர் இல்லன்னா ஆட்டமே இல்லையா தம்பி? எனக்கு இது தெரியாதே” என்றாராம். இந்த வருடம் வியாபாரம் மந்தம், முழுத் தொகையும் முடியாது, பாதிதான் என்றார். அந்த 640 வெள்ளியைப் பேருந்துக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பாதிக் காசில் ஆறு பயணம் போக முடியுமா என்று தம்பி இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். பேருந்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் ஜெர்சி என்று முடிவு செய்திருக்கிறான்.