இன்னும் ஒரு கரண்டி

திருச்செந்தூருக்கு மேற்கே, தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் பக்கத்தில் பந்தியில் அமர்ந்தவன் "போதும்" என்று சொன்னால், அதை யாரும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் "போதும்" நாணத்தால் வருவது. இரண்டாவது, மரியாதைக்குச் சொல்லப்படுவது. மூன்றாவதை வேண்டுமானால் நம்பலாம். பரிமாறுகிறவர் இந்தக் கணக்கை அறிந்தவர். ஆகவே முதல் இரண்டையும் கடந்து சோற்றை வைத்துவிடுவார். இலையில் விழுந்த சோற்றை மிச்சம் வைப்பது பாவம் என்று நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். உண்பவனுக்கு வேறு வழியில்லை.

இந்த வழக்கத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் எந்தக் குறையும் காணவில்லை. 2022 ஆகஸ்டில் எனக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. எடை 91 கிலோ. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 8.4 என்று வந்தது. மாத்திரை எழுதித் தந்த மருத்துவர், எட்டு கிலோவாவது குறைக்கவேண்டும் என்றார். சோற்றை ஒரு வேளைக்கு ஒரு கிண்ணமாக நிறுத்திவிட்டு, தட்டில் பாதியைக் காய்கறியால் நிரப்பச் சொன்னார். காயையும் மீனையும் முதலில் உண்டு சோற்றைக் கடைசியில் உண்டால், உணவுக்குப் பிந்திய சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது என்றும் விளக்கினார். அறைவீட்டில் இதைக் கடைப்பிடிப்பது கடினமாக இல்லை. சமையற்காரர் ஒருவரே, அவரிடம் ஒரு முறை சொன்னால் போதும். கடினம், வெளியே உண்ணப் போனபோது தொடங்கியது.

எட்டு மாதத்தில் 83 கிலோவுக்கு வந்தேன். பருமனாக இருந்த காலத்தில், "நல்ல பங்கு கிடைச்சிருக்கு போல, சாமிக்கு உடம்பு பளபளன்னு இருக்கே" என்று சிரித்தவர்கள், இப்போது கவலையோடு பார்த்தார்கள். "ஆள் பாதியாயிட்டீங்களே சாமி" என்றார் ஒருவர். மற்றொருவர் குரலைத் தாழ்த்தி, "ஆயர் இல்லத்தோடு ஏதும் மனத்தாங்கலா?" என்று கேட்டார். ஒரு மனிதன் மெலிந்தால் நோய் அல்லது துக்கம் என்பதைத் தவிர மூன்றாவது காரணம் எங்கள் மக்களுக்குத் தெரியாது.

நான் முதலில் செய்தது, சாக்குப்போக்குச் சொன்னது. "வயிறு சரியில்லை" என்றேன். உடனே சுக்குக் கஷாயமும், வயிற்றுக்கு இதமென்று ஒரு சட்டி குழைந்த கஞ்சியும் வந்தன. "பிறகு வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். அந்தப் "பிறகு" தூக்குவாளியில் கட்டப்பட்டு வண்டியில் ஏறியது. "இன்று ஒருசந்தி" என்றுகூட ஒரு முறை சொல்லிவிட்டேன். தவக்காலம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது என்பதை அந்த வீட்டுப் பாட்டி சுட்டிக்காட்டினார். ஒரு குருவானவன் அவித்த கிழங்குக்கு அஞ்சிப் பொய் சொல்லி, அதிலும் பிடிபட்டதை இங்கே எழுதிவைப்பது எனக்கு ஒரு பாவசங்கீர்த்தனம்தான்.

சாக்குகளைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். 2023 பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்கப் போனபோது, ஒவ்வொரு வீட்டிலும் காப்பி வந்தது. ஒரு தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால் ஏறக்குறைய பத்து கிராம். பன்னிரண்டு வீட்டில் அது நூற்றிருபது கிராம். "இது சீனி இல்லை சாமி, கருப்பட்டி, சுகர்காரங்களுக்கு ஒண்ணும் செய்யாது" என்று அன்போடு நீட்டுவார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், இரத்தத்தில் அதுவும் ஏறவே செய்யும். இதை வாசற்படியில் நின்று விளக்க முடியாமல், காலையில் குடித்த காப்பிகளுக்குப் பரிகாரமாக மதிய உணவையே ஒரு நாள் விட்டுவிட்டேன். காலையில் விழுங்கியிருந்த மாத்திரையோ, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மாலை ஐந்து மணிக்குக் கைகள் நடுங்கின, நெற்றி வியர்த்துக் கொட்டியது, கண் மங்கிற்று. மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்த பின்னரே நிதானம் வந்தது. மருத்துவர் கடிந்துகொண்டார். உணவைக் குறைப்பதாக இருந்தால் மாத்திரையின் அளவையும் அவர் பார்த்துக் குறைக்கவேண்டுமாம். நானாக ஒரு வேளையை விடக்கூடாதாம். அவர் மாத்திரையைப் பாதியாக்கினார். உறவினரிடையே அதற்குள் செய்தி பரவிவிட்டது: "பட்டினி கிடந்து சாமி மயங்கி விழுந்துட்டார்." நான் விழவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

அந்த மே மாதம் அக்காவின் பேத்திக்குப் புதுநன்மை. எனக்கு மூத்தவள் அக்கா ஒருத்திதான். வெளியார் முன்னிலையில் என்னைச் "சாமி, வாங்க, இருங்க" என்பாள். அடுக்களையில் நான் "தம்பி", "நீ". அன்று முற்றத்துப் பந்தலில் நூறு பேர் இருந்தார்கள். வெள்ளைச் சோறும் கறிக்குழம்பும். நான் ஒரு கரண்டிச் சோற்றோடு நிறுத்திக்கொண்டேன். அக்கா தானே அகப்பையோடு வந்தாள். "போதும்" என்றேன். "என்ன போதும்? கழுத்தெலும்பு தெரியுது" என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள். இலைமேல் கையை விரித்தேன். சூடான சோறு என் புறங்கையில் விழுந்தது. சுட்டது கையை, வாயோ அதற்கு முன்பே திறந்துவிட்டது: "என்னைக் கொல்லத்தான் பார்க்கிறாயா?"

பந்தி அமைதியானது. உபதேசியாராய் இருந்து ஓய்வு பெற்ற அத்தான், சூழ்நிலையைச் சரிசெய்ய எண்ணி, சீடரை அனுப்பும்போது ஆண்டவரே முன்னால் வைப்பதை உண்ணும்படி சொல்லவில்லையா என்று நற்செய்தியை எடுத்துக்காட்டினார். லூக்கா பத்தாம் அதிகாரம். அவ்விடத்தில் ஆண்டவர் தடுப்பது, சீடர் நல்ல உணவு தேடி வீடு வீடாய் மாறுவதைத்தான். இரண்டாவது அகப்பையைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை. இதைச் சொல்லி வாதத்தில் வென்றிருக்கலாம். அக்கா அகப்பையோடு உள்ளே போய்விட்டிருந்தாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை என்று மருமகள் தொலைபேசியில் சொன்னாள்.

உறக்கம் வரவில்லை. குருமடத்தில் படித்த போசனப்பிரியப் பாடம் நினைவுக்கு வந்தது. அக்வினாஸ் தோமையார், பெரிய கிரகோரியாரைப் பின்பற்றி, அந்தப் பாவத்தின் ஐந்து வகைகளைச் சொல்கிறார்: வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, அளவு மிஞ்சுவது, ஆவலாய் விழுங்குவது, பக்குவத்தில் அதிகம் மெனக்கெடுவது. ஐந்தும் உண்பவனைப் பற்றியவை. பரிமாறுகிறவளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவளுடைய பிடிவாதத்தை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று அந்த மனிதர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அவர்கள் துறவு மடத்தில் உண்டவர்கள்.

மறுவாரம் போனேன். அடுக்களையில் இருவரும் மட்டும் இருந்தோம். மன்னிப்புக் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அம்மாவுக்கு முதல்ல எது தெரிஞ்சது, ஞாபகம் இருக்கா உனக்கு?"

எனக்கு நினைவில்லை. 1977இல் அம்மா என்புருக்கி நோயால் இறந்தபோது எனக்கு வயது எட்டு, அக்காவுக்குப் பதினேழு. இருமல் வருவதற்கு முன்பே அம்மாவின் கழுத்தெலும்பு வெளியே தெரிந்ததாம். "நல்லா சாப்பிட்டா சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஊட்டுவேன். ரெண்டு வாய்க்கு மேல இறங்காது. போதும், போதும்னு கையால தள்ளுவாங்க." நான் என் இலைமேல் விரித்த கை அவள் கண்ணுக்கு யாருடைய கையாகத் தெரிந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அன்று நான் என் பையிலிருந்த பரிசோதனைத் தாள்களை அவளிடம் காட்டினேன். அக்கா ஆறாம் வகுப்புவரை படித்தவள். எண்களை நன்றாக வாசிப்பாள். 8.4 எப்படி 6.9 ஆனது, ஏன் அது நல்லது, எடை தானாகக் குறையவில்லை, நான்தான் குறைத்தேன் என்பதையெல்லாம் சொன்னேன். முயற்சியில்லாமல் எடை குறைந்தாலோ, இருமலோ மாலைக் காய்ச்சலோ வந்தாலோ மருத்துவரிடம் போவேன் என்றும், எண்பதுக்குக் கீழே இறங்குவதற்கு முன் அவளிடம் சொல்வேன் என்றும் வாக்குக் கொடுத்தேன். இந்தப் பேச்சை எட்டு மாதத்துக்கு முன்பே நிகழ்த்தியிருக்கவேண்டும். இலைக்கு முன் அமர்ந்தபின் பேசத் தொடங்குகிறவன், நூறு பேர் பார்க்க ஒரு பெண்ணின் கையைத் தள்ளுகிறான்.

பிறகு சோற்றைப் பற்றிப் பேசினோம். அவளுடைய அகப்பையால் அள்ளி என் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தோம். ஒரு அகப்பை, கிண்ணம் நிறைந்து மேலும் கொஞ்சம் சிந்தியது. ஆக, நான் ஒன்று என்று எண்ணியதே எனக்குரிய அளவைத் தாண்டியிருந்தது. "அப்போ ரெண்டாவது தடவை நான் என்னத்தைக் கொண்டு வர?" என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியது என் வயிற்றில் இன்னொரு கிண்ணச் சோறு அன்று. என் இலைக்கு இரண்டாம் முறை வந்து குனிவதுதான். அவரைக்காய்ப் பொரியலைக் கொண்டு வா, முருங்கைக்கீரையைக் கொண்டு வா, குழம்பு மீனில் ஒரு துண்டு கொண்டு வா என்றேன்.

அதுமுதல் நான் ஒரு காரியம் செய்கிறேன். இலையில் சோற்றைக் கொஞ்சம் கடைசிவரை ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன், ஏனெனில் வெறும் இடத்தைக் கண்டால் அகப்பை பறந்து வரும். அவள் வருவதற்கு முன்பே, "அக்கா, அந்தப் பொரியல் இன்னும் கொஞ்சம்" என்று நானே கேட்கிறேன். உண்பவன் வாய்விட்டுக் கேட்டதைப் போல் பரிமாறுகிறவளை நிறைவு செய்வது வேறொன்றும் இல்லை. இப்போது மற்ற உறவினர்கள் பாயாச வாளியோடு நெருங்கினால், என் சார்பில் மறுப்பவள் அக்காதான். என்னைவிடக் கடுமையாக மறுக்கிறாள்.

எல்லா வீட்டிலும் இப்படி நடந்ததாகச் சொல்லமாட்டேன். மந்திரிப்புக்குப் போகும் வீடுகளில் உபதேசியார் முன்கூட்டியே போய், "சாமிக்குச் சீனியில்லாத கடுங்காப்பி அரைத் தம்ளர்" என்று சொல்லிவிடுகிறார். பத்தில் ஆறு வீடு கேட்கிறது. மாமா மகன் ஒருவன் இன்றும் என் தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்து, "வெறும் எலும்பு" என்று ஊருக்கே அறிவிக்கிறான். முன்பு அவன்தான் என் வயிற்றைத் தட்டிப் பார்த்தவன். அவனுக்கு நான் பதில் சொல்வதில்லை. அவனிடமிருந்து வருவது கேள்வியும் அல்ல.

அக்கா ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டாம் பூசைக்குப் பின் தொலைபேசியில் அழைப்பாள். பூசைக்குக் கூட்டம் எப்படி, மழை உண்டா என்று கேட்டுவிட்டு, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பாள். சென்ற வாரமும் கேட்டாள்.

"எத்தனை?"

"எண்பத்திரண்டரை."

சற்று நேரம் பேச்சில்லை. "சரி தம்பி, அங்கேயே நில்லு" என்றாள்.