ஏழின் ஏழாம் அடுக்கின் ஏழாம் அடுக்கு

சித்தூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தங்கை, திருப்பதியில் முதுகலைக் கணிதம் பயிலும் அண்ணனுக்கு ஒரு வினாவைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாள். ஏழின் தோளில் ஒரு சிறிய ஏழு. அதன் தோளில் இன்னும் சிறிய ஏழு. அந்த எண்ணின் கடைசி இலக்கம் யாது? அவளுக்கு 7 கிடைத்தது. விடைக்குறிப்பிலோ 3 இருந்தது. "எங்கே தப்பு, அண்ணா?"

அவளுடைய முறையில் பிழையில்லை. ஏழின் அடுக்குகள் 7, 49, 343, 2401 எனச் செல்லும்போது கடைசி இலக்கம் 7, 9, 3, 1 என வந்து, ஐந்தாவது அடுக்கில் மீண்டும் 7 ஆகிறது. சுழற்சியின் நீளம் நான்கு. ஆகவே அடுக்கு எத்தனை பெரிதாயினும் அதை 4ஆல் வகுத்த மீதியே போதும். மீதி 1 எனில் 7, 2 எனில் 9, 3 எனில் 3, மீதியே இல்லையெனில் 1.

அண்ணன் அவளைத் தொலைபேசியில் அழைத்து, வினாவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னான். "ஏழின் ஏழாம் அடுக்கின் ஏழாம் அடுக்கு" என்றாள். பிழை அந்தத் தொடரிலேயே இருந்தது. தமிழில் வேற்றுமைத் தொடர் இடப்புறமிருந்து கட்டிக்கொண்டு வரும்: 'தம்பியின் நண்பனின் வீடு' என்றால் முதலில் தம்பியின் நண்பன், பிறகு அவனுடைய வீடு. அவ்வாறே அவள் சொன்னதன் பொருள் (7^7)^7, அதாவது 7^49. 49ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1, விடை 7. அடைப்புக்குறியற்ற அடுக்குக் கோபுரத்தைக் கணிதம் மேலிருந்து கீழாகப் படிக்கிறது: 7^(7^7). இது வெறும் மரபுதான், ஆயினும் காரணமுள்ள மரபு. முதல் பொருளை 7^49 என்றே சுருக்கி எழுதிவிடலாம், இரண்டாவதற்கு அத்தகைய சுருக்கமில்லை.

இரண்டிற்கும் இடையிலான தொலைவு சாதாரணமானதன்று. 7^49 என்பது 42 இலக்க எண். 7^7 = 823543 ஆதலால், மற்றது 7^823543; அதை முழுதாக எழுத ஏறத்தாழ ஏழு இலட்சம் இலக்கங்கள் வேண்டும். ஆனால் வேலை என்னவோ ஒரே வரிதான்: 823543இன் கடைசி ஈரிலக்கமான 43ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. விடை 3.

படம் மங்கி, இரு சிறிய ஏழுகளும் ஒரே மட்டத்தில் தெரிந்து, 7^77 என்று படித்திருந்தாலும் 77இன் மீதி 1. அப்போதும் 7தான் வந்திருக்கும். தவறான விடையை மட்டும் பார்த்து, தவறு கண்ணிலா மொழியிலா என்று சொல்ல இயலாது. படிக்கச் சொல்லித்தான் அறிய வேண்டியிருந்தது.

இதைவிட வஞ்சகமான பிழை ஒன்றுண்டு. அடுக்கை 4ஆல் வகுக்காமல், 823543இன் கடைசி இலக்கமான 3ஐயே அடுக்காகக் கொண்டு 343 என முடிப்பவருக்கும் சரியான விடையே கிட்டும். அது தற்செயல். அடுக்கு 16 ஆக இருந்திருந்தால், 6ஐ மட்டும் கொண்டவருக்கு 7^6இன் கடைசி இலக்கமான 9 கிடைக்கும். 16இல் 4 மீதியின்றிப் போவதால் உண்மை விடை 1.